பிறந்த ஊரா, செய்த வேலையா: அறிமுகக் குறிப்பை எங்கே தொடங்குவது?

தமிழ்ப் புத்தகம் ஒன்றை எடுத்துப் பின்னட்டையைத் திருப்பிப் பாருங்கள். ஆசிரியரின் சிறிய படம் இருக்கும், பக்கத்திலேயே ஐந்தாறு வரிகள் இருக்கும். அவற்றில் முதல் வரி பெரும்பாலும் இன்ன மாவட்டத்தில் இன்ன ஊரில் இன்ன ஆண்டு பிறந்தார் என்றுதான் தொடங்கும். அடுத்தது படிப்பு. அதற்கடுத்தது உத்தியோகம். எழுதிய நூல்களும் பெற்ற பரிசுகளும் கடைசியில் வந்து நிற்கும். கருத்தரங்க அழைப்பிதழ், விழா மலர், பத்திரிகைக் கட்டுரையின் அடியில் வரும் எழுத்தாளர் குறிப்பு என்று எங்கே பார்த்தாலும் அநேகமாக இதே வரிசைதான்.

கால வரிசையில் எழுதுவது தவறல்ல. யோசித்துத் தேர்ந்துகொண்டால் அது நல்ல வரிசை. ஆனால் பெரும்பாலான குறிப்புகளில் அதை யாரும் தேர்ந்துகொள்வதில்லை. பேனாவை எடுத்ததும் கை தானாகப் பிறந்த ஊருக்குப் போய்விடுகிறது. இன்னொரு வரிசையும் இருக்கிறது. ஒருவரைப் பற்றிச் சொல்வதில் எது வலுவானதோ அதை முதலில் சொல்லிவிட்டு மற்றவற்றைப் பின்னால் வைப்பது. இந்த இரண்டில் எது எப்போது பொருந்தும் என்பது கொள்கையாகப் பேசினால் விளங்காது. எல்லாருக்கும் தெரிந்த ஒருவரின் வாழ்க்கையை எடுத்துக்கொண்டு எழுதிப் பார்த்தால்தான் விளங்கும்.

கோவில்பட்டிக்குப் பக்கத்தில் இடைசெவல் என்று ஒரு கரிசல் கிராமம். 1923ஆம் ஆண்டு அந்த ஊரில் பிறந்த இரண்டு பேர் பிற்காலத்தில் தமிழின் முக்கியமான எழுத்தாளர்கள் ஆனார்கள். ஒருவர் கி. ராஜநாராயணன், மற்றவர் கு. அழகிரிசாமி. இருவரும் நண்பர்கள். இருவருமே சாகித்திய அகாதெமி விருது பெற்றவர்கள். இப்போது இருவருக்கும் வழக்கமான முறையில் ஒரு அறிமுகக் குறிப்பு எழுதினால் முதல் வாக்கியம் என்னவாக இருக்கும்? '1923ஆம் ஆண்டு கோவில்பட்டிக்கு அருகிலுள்ள இடைசெவலில் பிறந்தார்.' பெயரை மறைத்துவிட்டால் எது யாருடைய குறிப்பு என்று சொல்ல முடியாது. ஒருவர் ஊரிலேயே இருந்து விவசாயம் பார்த்தவர், நூறை நெருங்கும் வயதுவரை வாழ்ந்தவர். மற்றவர் சென்னைக்கு வந்து பத்திரிகைகளில் வேலை பார்த்து, மலேயாவுக்குப் போய் 'தமிழ் நேசன்' இதழில் ஆசிரியப் பணி செய்து, திரும்பி வந்து 1970இல் நாற்பத்தாறு வயதில் மறைந்தவர். இவ்வளவு வேறுபட்ட இரண்டு வாழ்க்கைகளுக்கு ஒரே தொடக்க வாக்கியம். குறிப்பிலேயே அதிகம் வாசிக்கப்படும் இடம் முதல் வாக்கியம். அந்த இடத்தைத்தான் இருவரையும் பிரித்துக் காட்டாத ஒரு தகவலுக்குக் கொடுத்துவிடுகிறோம்.

கி.ரா.வை மட்டும் எடுத்துக்கொண்டு கால வரிசையில் முழுக் குறிப்பையும் எழுதிப் பார்ப்போம்.

'கி. ராஜநாராயணன் 1923ஆம் ஆண்டு கோவில்பட்டிக்கு அருகிலுள்ள இடைசெவலில் பிறந்தார். கல்லூரிப் படிப்பு இல்லை, ஊரில் விவசாயம் செய்தார். 1950களின் கடைசியில் சிறுகதைகள் வெளியிடத் தொடங்கினார். இவருடைய கோபல்ல கிராமம் நாவல் 1976இல் வெளிவந்தது. கரிசல் வட்டாரச் சொற்களுக்கு அகராதி தொகுத்தார். 1980களில் புதுவைப் பல்கலைக்கழகத்தில் நாட்டார் வழக்காற்றியல் பேராசிரியராக அமர்த்தப்பட்டார். கோபல்லபுரத்து மக்கள் நாவலுக்கு 1991இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றார். 2021 மே 17 அன்று புதுச்சேரியில் காலமானார்.'

இதில் பிழை எதுவும் இல்லை. கி.ரா.வை ஏற்கெனவே அறிந்தவர் வாசித்தால் நிறைவாகவே இருக்கும். ஆனால் அறியாதவர்? இந்த மனிதரைப் பற்றித் தான் எதற்குப் படிக்க வேண்டும் என்ற கேள்விக்கு அவருக்கு நான்காவது வாக்கியம் வரையில் பதில் கிடைப்பதில்லை. பின்னட்டையைப் புரட்டிப் பார்க்கும் வாசகர் அவ்வளவு நேரம் கொடுப்பார் என்று நம்ப முடியாது. கடைக்காரர் பார்த்துக்கொண்டிருக்க, கையில் இன்னும் இரண்டு புத்தகங்களோடு நிற்பவர் அவர்.

சரி, தலைகீழாக்கிப் பார்ப்போம். வலுவானது முதலில், வலு குறைந்தது பின்னால்.

'சாகித்திய அகாதெமி விருது பெற்றவர் கி. ராஜநாராயணன். கோபல்ல கிராமம், கோபல்லபுரத்து மக்கள் ஆகிய நாவல்களின் ஆசிரியர். புதுவைப் பல்கலைக்கழகத்தில் நாட்டார் வழக்காற்றியல் பேராசிரியராக இருந்தவர். கரிசல் வட்டாரச் சொற்களுக்கு அகராதி தொகுத்தவர். சிறுகதைகளும் எழுதியிருக்கிறார். விவசாயி. கல்லூரியில் படித்தவர் அல்லர். இடைசெவலில் 1923இல் பிறந்தார்.'

தகவல்கள் அநேகமாக அவையேதான். ஆனால் ஒரு விபரீதம் நடந்திருப்பதைக் கவனியுங்கள். கால வரிசையில் 'கல்லூரிப் படிப்பு இல்லை' என்பது தொடக்கத்தில் வந்தது. அதைப் படித்துவிட்டுப் பேராசிரியர் என்ற இடத்துக்கு வரும்போது வாசகர் ஒரு கணம் நிமிர்ந்து உட்காருவார். இரண்டு வாக்கியங்களும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நின்று, தனித்தனியாக எதுவும் சொல்லாத ஒன்றைச் சேர்ந்து சொல்கின்றன. இரண்டாவது குறிப்பில் அதே தகவல் பேராசிரியர் பதவிக்குப் பிறகு வருகிறது. அங்கே அது ஏதோ குறையை ஒப்புக்கொள்வதுபோல் ஒலிக்கிறது. இத்தனைக்கும் ஒரு சொல்லைக்கூடத் திரித்து எழுதவில்லை. இடம் மாறியதும் பெருமை குறையாகிவிட்டது.

கால வரிசை எங்கே வெல்லும் என்பது இதிலிருந்தே தெரிகிறது. ஒருவருடைய பாதையில் திருப்பம் இருந்தால், அதாவது முன்னால் இருந்ததை அறிந்தால்தான் பின்னால் வந்ததன் மதிப்பு விளங்கும் என்றால், அந்த இரண்டையும் நடந்த வரிசையிலேயே சொல்ல வேண்டும். வக்கீலாக இருந்து விவசாயத்துக்கு வந்தவர், ராணுவத்திலிருந்து வந்து பள்ளி நடத்துபவர், நாற்பது வயதுக்கு மேல் ஓவியம் கற்றவர் எல்லாரும் இந்த வகைதான். மாறாக, ஒருவர் இருபத்திரண்டு வயதில் ஒரு துறைக்குள் நுழைந்து அதே துறையில் படிப்படியாக உயர்ந்தவர் என்றால் கால வரிசை வாசகருக்குப் புதிதாக எதையும் தராது. உதவிப் பேராசிரியர், இணைப் பேராசிரியர், பேராசிரியர், துறைத் தலைவர் என்று நான்கு வாக்கியங்கள் எழுதுவதைவிட, அவர் எதை ஆராய்ந்தார், என்ன கண்டார் என்பதை முதலில் சொல்லிவிட்டு, பதவிகளில் கடைசியானதை மட்டும் குறித்தால் போதும்.

கி.ரா.வின் குறிப்புக்கு இரண்டு வரிசையும் முழுமையாகப் பொருந்தவில்லை. அப்படியானால் இரண்டையும் சேர்க்கலாமா? சேர்க்கலாம், ஒரு நிபந்தனையோடு. வரிசை ஒரே ஒரு முறைதான் மாறலாம். முதல் வாக்கியம் மட்டும் வலுவானதற்கு. இரண்டாவது வாக்கியத்தில் காலத்தின் தொடக்கத்துக்குப் போய்விட வேண்டும், அங்கிருந்து முன்னோக்கியே நடக்க வேண்டும், மறுபடி திரும்பக் கூடாது. எழுதிப் பார்த்தால் இப்படி வரும்.

'கரிசல் மக்களின் பேச்சு மொழியிலேயே நாவலும் சிறுகதையும் எழுதி, அந்த மொழிக்கு அகராதியும் தொகுத்தவர் கி. ராஜநாராயணன். 1923இல் இடைசெவலில் பிறந்தவர். கல்லூரிக்குப் போகாதவர், விவசாயி. முப்பது வயதைத் தாண்டிய பிறகே கதைகள் வெளியிடத் தொடங்கினார். 1976இல் கோபல்ல கிராமம் நாவல் வெளிவந்தது. 1980களில் புதுவைப் பல்கலைக்கழகம் இவரை நாட்டார் வழக்காற்றியல் பேராசிரியராக அமர்த்தியது. கோபல்லபுரத்து மக்கள் நாவலுக்கு 1991இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. 2021 மே 17 அன்று புதுச்சேரியில் காலமானார்.'

முதல் வாக்கியத்தில் விருது இல்லை என்பதைப் பார்த்திருப்பீர்கள். வேண்டுமென்றேதான் விட்டேன். வலுவானது எது என்று கேட்டால் நம் மனம் உடனே விருதைக் காட்டும். ஆனால் சாகித்திய அகாதெமி 1955 முதல் விருது கொடுத்து வருகிறது, தமிழில் மட்டும் அதைப் பெற்றவர்கள் பலர். 'விருது பெற்றவர்' என்று தொடங்கினால் கி.ரா. அந்தப் பலரில் ஒருவர் ஆகிவிடுகிறார். அழகிரிசாமியும் 1970இல் 'அன்பளிப்பு' தொகுப்புக்காக அதே விருதைப் பெற்றவர் என்பதால், பிறந்த ஊரில் தொடங்கினால் வரும் சிக்கல் விருதில் தொடங்கினாலும் வந்துவிடுகிறது. கரிசல் வட்டாரத்தின் மொழியில் கதையும் எழுதி, அதே மொழிக்கு அகராதியும் தொகுத்தவர் என்பது அப்படியல்ல. அதை அவருக்கு மட்டும்தான் எழுத முடியும், அழகிரிசாமிக்கு எழுத முடியாது.

ஆகவே வலுவானதைத் தேடும்போது என்னுடைய சோதனை இதுதான்: இந்த வாக்கியத்தை அதே துறையில் இருக்கும் இன்னொருவரின் பெயருக்கு மாற்றிப் போட முடிகிறதா? போட முடிந்தால் அது முதல் வாக்கியம் அல்ல. 'சிறந்த கல்வியாளர்', 'பன்முக ஆளுமை', 'இலக்கிய ஆர்வலர்' ஆகியவை இந்தச் சோதனையில் உடனே விழுந்துவிடும். 'தமிழகத்தின் பல ஊர்களில் உரையாற்றியவர்' என்பதும் விழும். நிற்பவை பெரும்பாலும் ஒரு குறிப்பிட்ட வேலையும் அது நடந்த இடமும் சேர்ந்த வாக்கியங்கள்தான்.

வலு என்பது இடத்துக்கு இடம் மாறும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். கி.ரா.வைப் பற்றி அகராதியியல் கருத்தரங்க மலரில் எழுதினால் அகராதியே முதல் வாக்கியத்தை முழுவதுமாக எடுத்துக்கொள்ளலாம். நாவலின் மறுபதிப்புக்கு நாவல். கல்லூரிப் பட்டத்துக்கு வெளியே கற்றவர்களைப் பற்றிய தொகுப்பு என்றால், கல்லூரிக்குப் போகாமலே பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆனவர் என்பது முதலில் வரலாம். மனிதர் ஒருவரேதான். எந்த வாசலில் நிற்பவருக்குச் சொல்கிறோம் என்பது மாறுகிறது. ஒரே குறிப்பைப் பத்து ஆண்டுகளாக எல்லா இடத்துக்கும் அனுப்பிக்கொண்டிருப்பவர்கள் இழப்பது இதைத்தான்.

முதலில் வருவது பின்னால் வருவதன் நிறத்தை மாற்றுகிறது என்பது வெறும் எழுத்தாளர் அனுபவம் அல்ல. சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் 1946இல் வெளியிட்ட ஆய்வொன்று இத்துறையில் இன்றும் பேசப்படுகிறது. ஒரு மனிதரைப் பற்றிய ஆறு சொற்களை அவர் இரண்டு குழுக்களுக்குக் கொடுத்தார். புத்திசாலி, உழைப்பாளி, உணர்ச்சிவேகம் உள்ளவர், குறை காண்பவர், பிடிவாதக்காரர், பொறாமைக்காரர் என்பது ஒரு குழுவுக்கு. அதே ஆறு சொற்கள் பொறாமையில் தொடங்கிப் புத்திசாலியில் முடியுமாறு தலைகீழாக அடுத்த குழுவுக்கு. புத்திசாலி என்று முதலில் கேட்டவர்கள் அந்த மனிதரைப் பற்றி நல்ல எண்ணம் கொண்டார்கள், சில குறைகள் உள்ளவராக அவரைப் பார்த்தார்கள். பொறாமைக்காரர் என்று முதலில் கேட்டவர்களுக்கு அவருடைய அறிவும் உழைப்பும் அந்தக் குறையால் மங்கிப்போயின. நம்முடைய குறிப்புகளில் யாரும் பொறாமையைப் பற்றி எழுதுவதில்லை, ஆகவே இந்த ஆய்வை நேரடியாக எடுத்துப் பொருத்த முடியாது. ஆனாலும் முதல் தகவல் ஒரு சட்டகத்தைப் போட்டுவிடுகிறது, மற்றவை அதற்குள்ளேதான் போய் உட்காருகின்றன என்பது குறிப்புகளிலும் நடக்கிறது. 'விவசாயி' என்று தொடங்கினால் அவர் எழுதிய விவசாயி. 'நாவலாசிரியர்' என்று தொடங்கினால் விவசாயமும் தெரிந்த நாவலாசிரியர்.

இனி தமிழ் வாக்கியத்துக்கே உரிய ஒரு தொல்லை. வலுவானதை முதலில் வை என்று சொன்னதும் பலர் என்ன செய்கிறார்கள் என்றால், எல்லாவற்றையும் முதல் வாக்கியத்தில் ஏற்றிவிடுகிறார்கள். 'இன்ன விருது பெற்ற, இத்தனை நூல்களை எழுதிய, இன்ன பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய, இன்னின்ன நாடுகளுக்குச் சென்று வந்த' என்று எச்சங்கள் அடுக்கடுக்காக வந்து, பெயர் இருபது சொற்களுக்குப் பிறகு தலை காட்டுகிறது. தமிழில் பெயருக்கு முன்னால் எவ்வளவு வேண்டுமானாலும் அடுக்க இலக்கணம் இடம் கொடுக்கிறது. ஆனால் வாசிப்பவர் யாரைப் பற்றி என்று தெரியாமலே அத்தனையையும் மனதில் தாங்கிக்கொண்டு காத்திருக்க வேண்டியிருக்கிறது. வலுவானது முதலில் இருந்தும் பயன் இல்லாமல் போகிறது. முதல் வாக்கியத்தில் ஒரு செய்தி, மிஞ்சினால் ஒன்றோடொன்று பின்னிய இரண்டு, அதற்கு மேல் வேண்டாம். மேலே கி.ரா.வுக்கு எழுதியதில் எழுத்தும் அகராதியும் ஒரே மொழியைப் பற்றியவை என்பதால்தான் சேர்ந்து நிற்க முடிகிறது. விருதையும் அங்கே செருகினால் வாக்கியம் உடைந்துவிடும்.

இன்னொரு கெடுதலும் அடிக்கடி கண்ணில் படுகிறது. முதல் வாக்கியத்தை வலுவாகத் தொடங்கிவிட்டு, பிறகு எந்த வரிசையும் இல்லாமல் போவது. விருது 1991, பிறப்பு 1923, பல்கலைக்கழகம் 1980கள், முதல் நாவல் 1976 என்று முன்னும் பின்னுமாகத் தாவும் குறிப்பு வாசகரைக் களைப்பாக்கும். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. குறிப்பில் இருக்கும் ஆண்டுகளை மட்டும் வரிசையாக ஓரத்தில் எழுதிப் பாருங்கள். முதல் வாக்கியத்தை நீக்கிவிட்டால் மீதி எண்கள் ஏறிக்கொண்டே போக வேண்டும், அல்லது கடைசி ஆண்டிலிருந்து இறங்கிக்கொண்டே வர வேண்டும். வேலைக்கு விண்ணப்பிக்கும்போது தரும் தன்விவரத்தில் இன்றைய வேலையில் தொடங்கிப் பின்னோக்கிப் போவது இந்த இரண்டாவது வகைதான். ஏறி இறங்கி ஏறினால் எழுதியவருக்கே வரிசை முடிவாகவில்லை என்று பொருள்.

வெட்டுப்படுவதைப் பற்றியும் யோசிக்க வேண்டும். நாம் எட்டு வாக்கியம் அனுப்புவோம். பக்கம் வடிவமைப்பவருக்கு இடம் ஐந்து வாக்கியத்துக்குத்தான் இருக்கும். அவர் நம்மைக் கூப்பிட்டுக் கேட்கப் போவதில்லை, கீழேயிருந்து மூன்று வாக்கியத்தை எடுத்துவிடுவார். செய்தித்தாள்களில் முக்கியமானதை மேலே வைத்துச் செய்தி எழுதும் பழக்கத்துக்கு இதுவும் ஒரு காரணம், கடைசிப் பத்தியை வெட்டினாலும் செய்தி நிற்க வேண்டும். கி.ரா.வின் கால வரிசைக் குறிப்பைக் கீழேயிருந்து மூன்று வாக்கியம் வெட்டிப் பாருங்கள். பேராசிரியர் பதவியும் விருதும் போய்விடுகின்றன. சேர்த்து எழுதிய மூன்றாவது குறிப்பிலும் அவை போகும், ஆனால் அவர் யார் என்று சொல்லும் வாக்கியம் தலையில் பத்திரமாக இருக்கும். அனுப்புவதற்கு முன் நாமே கீழேயிருந்து ஒவ்வொரு வாக்கியமாக விரலால் மறைத்துக்கொண்டு வந்தால், எந்த இடத்தில் வெட்டினால் குறிப்பு பொருளிழக்கிறது என்று தெரிந்துவிடும்.

ஆங்கில நாளிதழ்களின் அஞ்சலிக் குறிப்புகள் இந்த இரண்டு வரிசைகளையும் இணைப்பதில் நல்ல பயிற்சி உள்ளவை. முதல் வாக்கியத்திலேயே பெயர், அவர் எதற்காக அறியப்பட்டவர், எப்போது எங்கே இறந்தார் என்பவை வந்துவிடும். அதற்குப் பிறகு அவருடைய பணியின் முக்கியத்துவத்தைச் சில பத்திகள் விளக்கும். பிறந்த ஊரும் பெற்றோரும் அதன் பிறகுதான் வருவார்கள், அங்கிருந்து வாழ்க்கை கால வரிசையில் நடக்கும். கலைக்களஞ்சியக் கட்டுரைகளிலும் இதே கதைதான், தலையில் சுருக்கமாக அவர் யார் என்பது, உடலில் வாழ்க்கை வரலாறு. நீளம் கூடக்கூடக் கால வரிசையின் பங்கும் கூடுகிறது என்பதை இதில் கவனிக்கலாம். ஐம்பது சொல்லுக்குள் எழுத வேண்டிய குறிப்பில் கால வரிசைக்கு இடமே இல்லை. நூறு சொல்லில் மேலே காட்டிய கலப்பு நன்றாக உட்காரும். இருநூற்றைம்பது சொல் கிடைத்தால் இரண்டு வாக்கியம் வலுவானதற்குக் கொடுத்துவிட்டு மீதியை நிதானமாகக் காலத்தோடு நடத்தலாம்.

மேடைக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. அச்சில் வாசிப்பவர் எப்போது வேண்டுமானாலும் விலகிப் போகலாம். அரங்கத்தில் உட்கார்ந்திருப்பவர் எழுந்து போவதில்லை. தொகுப்பாளர் ஒருவரை அறிமுகப்படுத்தும்போது பேச்சு மேலேறிக்கொண்டு போய்ப் பெயரில் முடிய வேண்டும், கைதட்டல் அங்கேதான் விழும், பேச வருபவர் அப்போதுதான் எழுந்து வருவார். அதனால் மேடையில் வாசிக்கும் குறிப்புக்கு வலுவானது கடைசிக்கு முந்திய வாக்கியத்திலும் பெயர் கடைசியிலும் இருப்பது நல்லது. விழாக்களில் நடக்கும் பெரிய விபத்து என்னவென்றால், அழைப்பிதழுக்காக எழுதிக் கொடுத்த குறிப்பையே தொகுப்பாளர் மைக்கில் வாசிப்பதுதான். பெரிய சாதனை முதல் வரியில் போய்விடும், கைதட்டலும் அங்கேயே விழுந்து ஓய்ந்துவிடும், பிறகு பிறந்த ஊர், படித்த பள்ளி, தற்போது வசிக்கும் ஊர் என்று குரல் இறங்கிக்கொண்டே போய் எப்படி முடிப்பது என்று தெரியாமல் நிற்கும். மேடைக்குத் தனியாக நான்கு வாக்கியம் எழுதிக் கொடுப்பது பேசுபவருக்கும் தொகுப்பாளருக்கும் செய்யும் உதவி.

இதுவரை சொன்னதெல்லாம் நிறையச் செய்தவர்களுக்கு. முதல் புத்தகம் போடுபவர் என்ன செய்வார்? அரசு மருத்துவமனையில் இருபது ஆண்டு செவிலியராக இருந்துவிட்டு முதல் சிறுகதைத் தொகுப்பை வெளியிடும் ஒருவரை வைத்துக்கொள்வோம். விருது இல்லை, முந்தைய நூல் இல்லை. அவருக்கு வலுவானது எதுவும் இல்லை என்று நினைத்துப் பிறந்த ஊரில் தொடங்கிவிடுவார்கள். ஆனால் கதைகள் மருத்துவமனை வார்டுகளைப் பற்றியவை என்றால் அந்த இருபது ஆண்டுதான் அவருடைய வலு. 'அரசு மருத்துவமனைப் பிரசவ வார்டில் இருபது ஆண்டு இரவுப் பணி பார்த்தவர்' என்ற முதல் வாக்கியம், தொகுப்பைத் திறப்பதற்குக் காரணம் தருகிறது. கதைகள் வேறு எதைப் பற்றியோ என்றால் இந்த வாக்கியம் வாசகரைத் தவறான எதிர்பார்ப்போடு உள்ளே அனுப்பும், அப்போது அது இரண்டாவது இடத்துக்குப் போக வேண்டும். அப்படிப்பட்டவருக்குக் கால வரிசையில் மூன்று வாக்கியம் எழுதுவதே நேர்மையானது, அழகாகவும் இருக்கும். சின்னக் குறிப்பு யாருக்கும் இழிவல்ல.

நம்மவர்கள் பிறந்த ஊரில் தொடங்குவதற்குப் பின்னால் ஒரு கூச்சம் இருப்பதையும் நான் அறிவேன். செய்ததை முதலில் சொன்னால் தற்பெருமை ஆகிவிடுமோ என்ற எண்ணம். அந்தக் கூச்சத்தை மதிக்கிறேன். ஆனால் பெருமை வரிசையில் இருப்பதில்லை, அடைமொழியில்தான் இருக்கிறது. 'கரிசல் சொற்களுக்கு அகராதி தொகுத்தவர்' என்பதை எங்கே வைத்தாலும் அது சரிபார்க்கக்கூடிய செய்தி. 'ஈடு இணையற்ற சொல்லாய்வாளர்' என்பதைக் கடைசி வாக்கியத்தில் வைத்தாலும் அது பெருமையடிப்பதுதான்.

மேலும், வேலையை முன்னால் வைப்பது நமக்கு அந்நியப் பழக்கமும் அல்ல. நூலுக்கு எழுதும் சிறப்புப் பாயிரத்தில் என்னென்ன சொல்ல வேண்டும் என்று நன்னூல் எட்டுச் செய்திகளை வரிசைப்படுத்துகிறது. செய்தவர் பெயர், நூல் வந்த வழி, அது வழங்கும் எல்லை, நூலின் பெயர், யாப்பு, சொல்லும் பொருள், கேட்போர், பயன். இதில் ஆசிரியர் பிறந்த ஆண்டு கிடையாது. காலம், களம், காரணம் என்ற மூன்றைச் சேர்த்துச் சொல்பவர்களும் உண்டு என்று நன்னூல் தனியாகக் குறிக்கிறது. அந்தக் காலமும்கூட நூல் தோன்றிய காலம்தான். பெயர் தலையில், அடுத்து வேலையைப் பற்றிய செய்திகள், காலம் அவற்றுக்குப் பிறகு சேர்க்கப்படுவது. பின்னட்டைக்கு இன்று நாம் தேடும் வரிசைக்கு இது எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்று பாருங்கள்.

கால வரிசையை மட்டுமே பின்பற்ற வேண்டிய இடங்களும் உண்டு. மறைந்தவருக்கு ஊரார் வெளியிடும் நினைவு மலர், குடும்ப வரலாறு, பள்ளி நூற்றாண்டு மலரில் பழைய தலைமையாசிரியர்களைப் பற்றிய பக்கம் போன்றவை. அங்கே வாசகர் ஏற்கெனவே அந்த மனிதரை அறிந்து, நேசித்து வந்தவர். அவருக்குக் காரணம் காட்ட வேண்டியதில்லை. எந்தத் தெருவில் பிறந்தார், எந்தப் பள்ளிக்கு நடந்து போனார், எந்த ஆண்டு வீடு கட்டினார் என்பதை நடந்த வரிசையில் கேட்கத்தான் அவர் வந்திருக்கிறார். அங்கே பட்டங்களையும் பதவிகளையும் தலையில் தூக்கி வைத்தால் அன்னியமாகத் தோன்றும்.

குறிப்பு கேட்கும் பதிப்பாளர்களுக்கும் விழா நடத்துபவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். 'உங்களைப் பற்றி ஒரு குறிப்பு அனுப்புங்கள்' என்று மட்டும் கேட்காதீர்கள். எத்தனை சொல் வேண்டும், அது பின்னட்டைக்கா அழைப்பிதழுக்கா மேடையில் வாசிக்கவா, வாசிப்பவர்கள் அவரை ஏற்கெனவே அறிந்தவர்களா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இவை தெரியாமல் எழுத உட்காருபவருக்குப் பிறந்த ஊரைத் தவிர வேறு தொடக்கம் கிடைக்காது.